தூக்க மாத்திரை போட்ட பிறகு பதற்றம் ஏன் கூடுகிறது?

"தூக்கம் வரல, லேசா ஏதாவது குடுங்க" என்று மெடிக்கல் கவுண்டரில் வந்து நிற்பவர்களிடம் இரண்டு நிமிடம் பேசிப் பார்த்தால், பலருக்குத் தூக்கம் பிரச்சினையே இல்லை என்று தெரியும். பகலில் டிவி முன்னால் கண் சொருகிவிடுகிறது, பஸ்ஸில் தூங்கிவிடுகிறார்கள். இரவு விளக்கை அணைத்துப் படுத்ததும்தான் வட்டிக் கணக்கும், மகனுடைய வேலையும், நேற்று மேலாளர் சொன்ன ஒரு வார்த்தையும் வரிசை கட்டி வருகின்றன. நெஞ்சு அடித்துக்கொள்கிறது, மணி இரண்டாகிறது. இதைத்தான் பதற்ற இரவு என்கிறேன், இந்த ஆட்களிடம்தான் தூக்க மாத்திரை ரொம்ப சீக்கிரம் ஒட்டிக்கொள்கிறது. மருந்தாளுநராக கவுண்டருக்கு உள்ளே நின்று இதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நம் ஊரில் பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் சேர்த்து அதிகம் புழங்கும் மாத்திரைகளில் ஒன்று அல்பிரசோலம். 0.25, 0.5 மில்லிகிராம் என்று பொடி மாத்திரையாக வரும். குளோனசெபம், டயஸெபம், லோரஸெபம் எல்லாம் அதே குடும்பம், பென்சோடயஸெபின் என்பது குடும்பப் பெயர். மூளையில் காபா என்று ஒரு ரசாயனம் இருக்கிறது, நரம்புகளின் துடிப்பை அடக்கி வைப்பது அதன் வேலை. இந்த மாத்திரைகள் அந்த காபாவின் கையைப் பலப்படுத்துகின்றன. போட்டு ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் ரத்தத்தில் மருந்து உச்சத்துக்கு வந்துவிடும். நெஞ்சுப் படபடப்பு அடங்கும், தசை தளரும், கவலை இருக்கும் ஆனால் அது நம்மை எட்டாது. முதல் இரவு அருமையாகத்தான் இருக்கும், அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன்.

சிக்கல் அதற்கப்புறம். பிரேக்கை யாரோ தொடர்ந்து அழுத்துகிறார்கள் என்று தெரிந்ததும், வண்டியை ஓட்டுகிற மூளை ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் கூடுதலாக மிதிக்கப் பழகிவிடுகிறது. மாத்திரை உள்ளே இருக்கும்வரை இரண்டும் சரிக்குச் சரி. மாத்திரையின் அளவு இறங்கும்போது ஆக்ஸிலரேட்டர் மட்டும் மிச்சம் நிற்கும். அப்போது வருகிற பதற்றம், மாத்திரை ஆரம்பிப்பதற்கு முன்பு இருந்த பதற்றத்தைவிடப் பெரிதாகவே இருக்கலாம்.

ஒரு ஆளை வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். 45 வயது, ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுபவர், கடன் கவலையில் தூக்கம் போனவர் என்று வைத்துக்கொள்வோம். இரவு 10 மணிக்கு 0.5 மில்லிகிராம் அல்பிரசோலம் ஒன்று போடுகிறார். இந்த மருந்து உடலில் பாதியாகக் குறைய சராசரியாக 11 மணி நேரம் ஆகும் (ஆளுக்கு ஆள் இது நிறைய மாறும், வயதானவர்களுக்கு இன்னும் அதிகம்). அப்படியானால் காலை 9 மணிக்குக் கடை திறக்கும்போது அரைவாசி மருந்து இன்னும் உள்ளே இருக்கிறது. கணக்கில் ஒரு பூஜ்ஜியம் விட்டுப்போவதற்கும், பைக்கில் திரும்பும்போது எதிரில் வருவதைக் கவனிக்க ஒரு நொடி தாமதமாவதற்கும் இது போதும், அவருக்கோ தூக்கக் கலக்கம் எதுவும் தெரியாது. மாலை 8 மணிக்கு அது கால்வாசியாகிவிடும். முதல் சில நாட்களில் இந்த இறக்கம் அவருக்குத் தெரிவதில்லை. தினமும் போட்டு ஒன்றரை மாதம் ஆன பிறகு என்ன ஆகிறது என்றால், சாயங்காலம் ஆறு, ஏழு மணிக்கே காரணமில்லாமல் ஒரு பரபரப்பு வருகிறது, கை லேசாக நடுங்குகிறது, யாராவது சத்தமாகப் பேசினால் எரிச்சலாக இருக்கிறது. முன்பு அவருக்குப் பதற்றம் படுத்த பிறகுதான் வரும். இப்போது படுக்கைக்கு மூன்று மணி நேரம் முன்பே வந்துவிடுகிறது. அவர் என்ன நினைப்பார்? "எனக்கு வியாதி முத்திப்போச்சு, அரை மில்லி பத்தல" என்றுதான் நினைப்பார். சாயங்காலம் இன்னொரு மாத்திரை போடுவார், அது கேட்கும். கேட்டதால் தான் நினைத்தது சரி என்று ஆகிவிடும்.

இந்தச் சுழல்தான் இந்த மருந்தில் ரொம்ப ஆபத்தான இடம் என்பது என் கருத்து. மாத்திரை உண்டாக்கிய பதற்றமே மாத்திரை தேவை என்பதற்குச் சாட்சி சொல்கிறது. பலவீனமான மனசு, ஆசை, போதை என்று இதற்குப் பெயர் வைக்கிறார்கள், அது அநியாயம். டாக்டர் எழுதிக் கொடுத்ததை ஒரு வேளை தவறாமல் போட்டவருக்கும் இது நடக்கும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2020ல் இந்தக் குடும்ப மருந்துகள் எல்லாவற்றுக்கும் ஆக உச்ச எச்சரிக்கையைப் போட்டது, உடல் இதற்குப் பழகிப்போவதும் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம் என்பதும் அதில் இருக்கிறது. பிரிட்டனில் 1988லேயே இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்கு மேல் வேண்டாம் என்று டாக்டர்களுக்கு அறிவுரை போய்விட்டது. நம்மூரில் நான்கு வருடமாக ஒரே சீட்டைக் காட்டி வாங்குபவர்கள் இருக்கிறார்கள், மடித்து மடித்துச் சீட்டின் நடுவில் ஓட்டை விழுந்திருக்கும்.

சரி, பழைய பதற்றமா, மாத்திரை இறங்குகிற பதற்றமா என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பது? முழு உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் மூன்று விஷயங்களைக் கவனிக்கலாம். ஒன்று, நேரம். தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில், அடுத்த வேளை மாத்திரைக்குச் சில மணி நேரம் முன்பு வந்து, மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்தில் போய்விடுகிறதா? இரண்டு, முன்பு இல்லாத தொந்தரவுகள். டியூப்லைட் வெளிச்சமும் மிக்ஸி சத்தமும் தாங்க முடியாமல் இருப்பது, விரல்களில் எறும்பு ஊர்வது போல இருப்பது, வேர்ப்பது, தசை துடிப்பது, இவையெல்லாம் சாதாரணக் கவலையில் அவ்வளவாக வராதவை. மூன்று, கவலைக்கு விஷயம் இருக்கிறதா என்பது. கடனை நினைத்து வருகிற பதற்றத்துக்குப் பின்னால் ஒரு நினைப்பு இருக்கும். மருந்து இறங்குகிற பதற்றம் பெரும்பாலும் முதலில் உடம்பில் வரும், காரணத்தை மனசு அப்புறம் தேடிக்கொள்ளும். ஒரு வாரம் நோட்டில் மாத்திரை போட்ட நேரம், படபடப்பு வந்த நேரம் இரண்டையும் எழுதினால் போதும், டாக்டருக்கு அது பெரிய உதவி.

இதைப் படித்துவிட்டு யாராவது இன்றைக்கே மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது, இதைத்தான் ரொம்ப அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பல வாரம், பல மாதம் தினமும் போட்டவர் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரலாம். குழப்பம், இல்லாதது தெரிவது, கட்டுக்கடங்காத நடுக்கம் எல்லாம் வரலாம். அல்பிரசோலம் மாதிரி சீக்கிரம் இறங்குகிற மருந்தில் ஒன்றிரண்டு நாளிலேயே ஆரம்பிக்கும், குளோனசெபம் மாதிரி மெதுவாக இறங்குவதில் சில நாள் கழித்து வரும். அதனால் "மூணு நாளாச்சு, ஒண்ணும் ஆகல" என்று நம்பிவிடவும் முடியாது. திருவிழாவுக்கு ஊருக்குப் போகும்போது மாத்திரை அட்டையை வீட்டில் மறந்துவிட்டுப் போனவருக்கு மூன்றாம் நாள் வலிப்பு வந்தால், அங்கே இருக்கிற யாருக்கும் காரணம் புரியாது. தினமும் போடுபவர் என்றால் வீட்டில் ஒருவருக்காவது அது தெரிந்திருக்க வேண்டும்.

நிறுத்துவது என்றால் படிப்படியாகத்தான். எவ்வளவு மெதுவாக என்பதற்கு இப்போது சொல்லப்படும் கணக்கு, இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்கு ஒருமுறை 5 முதல் 10 சதவீதம் குறைப்பது, எந்த அவசரத்திலும் இரண்டு வாரத்துக்கு 25 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது. நம்முடைய கணக்குப்பிள்ளைக்கே இதைப் போட்டுப் பார்த்தால் ஒரு நடைமுறைச் சிக்கல் தெரியும். 0.5ல் கால்வாசி குறைக்க, 0.25 மாத்திரை ஒன்றும் இன்னொன்றில் பாதியும் போட்டால் 0.375 வந்துவிடும், பரவாயில்லை. அடுத்து 0.25க்குப் போனால் அது முன்னதில் மூன்றில் ஒரு பங்கு குறைப்பு. அடுத்து 0.125, அது நேர் பாதி. மாத்திரையை உடைப்பது ஒரே மாதிரி இருந்தாலும் உடம்புக்கு ஒவ்வொரு படியும் முந்தையதைவிடச் செங்குத்தாகிக்கொண்டே போகிறது, அதனால்தான் பலர் கடைசிப் பாதி மாத்திரையில் மாட்டிக்கொண்டு "இதை மட்டும் விட முடியல" என்று வருடக்கணக்கில் நிற்கிறார்கள். இந்த இடத்தில் டாக்டர்கள் மெதுவாக இறங்கும் டயஸெபம் போன்ற ஒன்றுக்கு மாற்றி, அதிலிருந்து சின்னச் சின்னதாகக் குறைப்பார்கள். எத்தனை மில்லிக்கு எத்தனை மில்லி என்பது அவர்கள் போட வேண்டிய கணக்கு, வீட்டில் போட்டுப் பார்க்கிற கணக்கு இல்லை. அப்புறம், அட்டையில் எஸ்ஆர் என்று போட்டிருந்தால் அது மெதுவாகக் கரையும் மாத்திரை, அதை உடைக்கவே கூடாது.

இன்னொரு மறைமுக வழியும் இருக்கிறது. எஸிடாலோபிரம் என்ற பதற்ற மருந்தும் குளோனசெபமும் ஒரே மாத்திரையில் சேர்ந்து நம் நாட்டில் நிறைய விற்கிறது. முதலாவது மாதக்கணக்கில் போட வேண்டிய மருந்து, இரண்டாவது கொஞ்ச நாளில் விட வேண்டிய மருந்து. ஒன்றாக இருப்பதால் இரண்டும் சேர்ந்தே மாதக்கணக்கில் போகும், விடும்போதும் சேர்ந்தே விடுபடும். இந்த மாத்திரை போடுகிறவர்களில் பலருக்குத் தாங்கள் தூக்க மருந்து போடுவதே தெரியாது. அட்டையின் பின்பக்கம் மருந்துப் பெயரைப் படியுங்கள், "செபம்", "சோலம்", "செபாம்" என்று முடிகிற பெயர் இருந்தால் டாக்டரிடம் கேளுங்கள்.

அல்பிரசோலமும் டயஸெபமும், ஸோல்பிடெம் என்ற தூக்க மாத்திரையும் சட்டப்படி ஷெட்யூல் எச்1 பட்டியலில் இருக்கின்றன. சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது, யாருக்கு, எந்த டாக்டர் எழுதி, எத்தனை மாத்திரை கொடுத்தோம் என்று தனி நோட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். அட்டையில் சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை இருக்கும். கடைக்காரர் இல்லை என்று சொன்னால் அவர் மேல் கோபப்பட வேண்டாம், கத்தரிக்கோலால் இரண்டு மாத்திரை வெட்டிக் கொடுப்பவர்தான் நமக்குக் கெடுதல் செய்கிறார்.

அப்படிச் சீட்டு கிடைக்காதவர்கள் போகிற அடுத்த இடம் அலர்ஜி மாத்திரையும் இருமல் டானிக்கும். அவில், சளி மாத்திரையில் இருக்கும் குளோர்ஃபெனிரமின், இருமல் டானிக்கில் இருக்கும் டைஃபென்ஹைட்ரமின் எல்லாம் பழைய தலைமுறை அலர்ஜி மருந்துகள், தூக்கம் வருவது இவற்றின் பக்கவிளைவு. வெளிநாடுகளில் கடையில் சீட்டு இல்லாமல் கிடைக்கும் "தூக்க மாத்திரை" பலவற்றில் உள்ளே இருப்பதும் டைஃபென்ஹைட்ரமின்தான். தினமும் போட்டால் மூன்று நான்கு நாளிலேயே தூக்கம் வரவைக்கும் குணம் மங்கிவிடும், வாய் உலர்வதும் மலச்சிக்கலும் காலை மந்தமும் மட்டும் தங்கும். அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2017ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் நாள்பட்ட தூக்கமின்மைக்கு டைஃபென்ஹைட்ரமின் வேண்டாம் என்றே சொல்லிவிட்டது.

இளைஞர்களுக்கு இது வீண் வேலை, வயதானவர்களுக்கு ஆபத்து. அறுபத்தைந்து தாண்டிய ஒரு தாத்தாவுக்கு "சும்மா சளி மாத்திரைதான்" என்று இரவில் ஒன்று கொடுத்தால், ப்ராஸ்டேட் வீங்கியிருப்பவருக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம், ஒருவகைக் கண் அழுத்த நோய் இருப்பவருக்கு அழுத்தம் ஏறலாம். இன்னொன்று வீட்டையே கலவரப்படுத்தும்: நடுராத்திரியில் எழுந்து உட்கார்ந்து, இறந்துபோன அண்ணனைக் கூப்பிடுவார், எந்த ஊரில் இருக்கிறோம் என்று கேட்பார். வீட்டில் ஞாபகமறதி நோய் வந்துவிட்டது என்று பயந்துபோவார்கள். முந்தைய நாட்களில் புதிதாக என்ன மாத்திரை சேர்ந்தது என்று பார்த்தால், பல நேரம் பதில் அங்கே இருக்கும். அல்பிரசோலம் வகையிலும் வயதானவர்களுக்கு இதே கதைதான், கூடவே பாத்ரூம் போக எழும்போது கால் தடுமாறி இடுப்பெலும்பு முறிவதும் சேர்ந்துகொள்ளும்.

மெலடோனின் இந்த வரிசையில் சாது. இருட்டானதும் மூளை தானே சுரக்கும் பொருள் அது, "இப்போது இரவு" என்று உடம்புக்கு நேரம் சொல்வதுதான் வேலை. விமானத்தில் நேரமண்டலம் மாறி வந்தவருக்கு உதவும். கவலையால் தூக்கம் வராதவருக்கு உடம்பு நேரம் தெரிந்துதான் இருக்கிறது, அதனால் பெரிய பலன் இருக்காது. மெலடோனின் கலந்து ஆன்லைனில் விற்கும், "கம்மி" எனப்படும் மெல்லும் மிட்டாய்களைப் பற்றி ஒரு வார்த்தை: அமெரிக்காவில் 2023ல் இப்படி 25 மிட்டாய் வகைகளைச் சோதித்தபோது 22ல் லேபிளில் போட்ட அளவும் உள்ளே இருந்த அளவும் ஒத்துப்போகவில்லை, ஒன்றில் போட்டதைவிட மூன்று மடங்குக்கும் மேல் இருந்தது. குழந்தை இருக்கிற வீட்டில் மிட்டாய் மாதிரி இருக்கும் ஒன்றை மேசைமேல் வைக்க வேண்டாம்.

கலப்புதான் ஆளைக் கொல்வது. தூக்க மாத்திரையும் மதுவும் சேர்ந்தால் இரண்டும் ஒரே பக்கம் அழுத்துகின்றன, மூச்சு மெதுவாகி நின்றுபோகலாம். டிராமடால் போன்ற வலி மாத்திரை, கோடின் கலந்த இருமல் மருந்து, இவற்றோடும் அப்படியே. சத்தமாகக் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று திடுக்கென்று விழிப்பவருக்கு மாத்திரை தனியாகவே ஆபத்து, ஏனென்றால் அந்த விழிப்புதான் அவரைக் காப்பாற்றுகிறது. நம் ஊருக்கே உரிய ஒரு கலப்பும் உண்டு: படர்தாமரைக்கு இப்போது சர்வசாதாரணமாக எழுதப்படும் இட்ராகோனசோல் கேப்ஸ்யூல், அல்பிரசோலத்தைக் கல்லீரல் உடைக்க விடாமல் தடுக்கும். வழக்கமான அரை மில்லியே ரத்தத்தில் இரண்டு மடங்குக்கும் மேலான நேரம் தங்கிவிடும். தோல் டாக்டருக்கு நீங்கள் தூக்க மாத்திரை போடுவது தெரியாது, சொன்னால்தான் தெரியும். தட்டி எழுப்பியும் எழாமல், பேச்சு குழறி, மூச்சு மெதுவாகி, உதடு நீலமாகத் தெரிந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐக் கூப்பிடுங்கள், காலி அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். மாத்திரைகளை எல்லாம் ஒன்றாகப் போட்டுவிடலாம் என்ற எண்ணம் யாருக்காவது வந்தால், அட்டையை வீட்டில் இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு 14416ல் டெலி மானஸைக் கூப்பிடலாம், தமிழிலேயே பேசுவார்கள், கட்டணம் இல்லை.

அப்போ பதற்ற இரவுக்கு என்னதான் செய்வது? நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சையாக இப்போது சொல்லப்படுவது மாத்திரை இல்லை, தூக்கத்துக்கான ஒரு பழக்கப் பயிற்சி. அதன் மையம் எளிது. இரவு எப்படிப் போனாலும் காலை 5.30 என்றால் தினமும் 5.30க்கு எழ வேண்டும், ஞாயிறும் சேர்த்து. படுத்துச் சுமார் இருபது நிமிடம் ஆனது போல் தோன்றினால் (கடிகாரம் பார்க்காமல்) எழுந்து வேறு இடத்தில் மங்கிய வெளிச்சத்தில் உட்கார வேண்டும், கண் சொருகும்போது மட்டும் திரும்ப வேண்டும். படுக்கையில் கிடந்து கவலைப்படும் நேரம் குறையக் குறைய, படுக்கை என்றாலே படபடப்பு என்று பழகிய உடம்பு அதை மறக்கும். கவலைக்குச் சாயங்காலம் ஏழு மணிக்குக் கால் மணி நேரம் ஒதுக்கி, நாளைக்கு இதில் என்ன செய்யலாம் என்று ஒரு வரி பக்கத்திலேயே எழுதுவது உதவும். முதல் வாரம் பகலில் தூக்கம் அதிகமாகத்தான் வரும், பலன் தெரிய சில வாரம் ஆகும். வலிப்பு நோய், இருமுனை மனநோய் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் படுக்கை நேரத்தைக் குறைக்கக் கூடாது. ஏற்கெனவே மாத்திரையில் இருப்பவர் இந்தப் பழக்கத்தை முதலில் ஆரம்பித்து, பிறகு மாத்திரையைக் குறைத்தால் இறக்கம் சுலபமாக இருக்கும்.

ஒருவேளை டாக்டர் மாத்திரைதான் எழுதுகிறார், அதற்குக் காரணமும் இருக்கிறது, வீட்டில் ஒரு சாவு, ஆபரேஷனுக்கு முந்தின நாட்கள், இப்படி. அப்போது அறையை விட்டு வெளியே வருவதற்கு முன் கேட்க வேண்டியது: எத்தனை நாளைக்கு, எந்தத் தேதியில் நிறுத்துவது, எப்படிக் குறைப்பது. தேதியைச் சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். நீங்கள் போடும் மற்ற மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள், சளி மாத்திரை, படை மாத்திரை, மூட்டு வலி மாத்திரை உட்பட. குடிக்கிற பழக்கம் இருந்தால் அதையும், குறட்டை இருந்தால் அதையும், கர்ப்பமாக இருந்தால் அதையும் சொல்லுங்கள், டாக்டர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.